முறைப்படி ஒரு விடுப்பு விண்ணப்பம்

பள்ளி வாசலில் மாமா சகாதேவன் சைக்கிளோடு நிற்பது ஜன்னல் வழியே மதிவதனிக்குத் தெரிந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் அவள் அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. இங்கே பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வேலூருக்குக் கொண்டுபோக வேன் தயாராக நிற்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அம்மா அடம்பிடிக்கிறாளாம்; மாமா வாட்ச்மேனிடம் சொல்லியனுப்பியிருந்தார்.

ஆனால் பத்தாம் வகுப்பு ஆசிரியர் சக்கரவர்த்தி கையெழுத்துப் போட்ட விடுப்பு விண்ணப்பம் இல்லாமல் வாட்ச்மேன் ஈயைக்கூட வெளியே விடமாட்டார். சக்கரவர்த்தி தமிழாசிரியர் வேறு. பொதுத்தேர்வில் கடிதத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதால், விடுப்புக் கேட்டு வருகிற பெண்ணெல்லாம் அவருக்குக் கையில் கிடைத்த பாடம்.

நீட்டிய தாளை வாங்கி, சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்தார்.

"'வணக்கம் சார்'னு ஆரம்பிச்சிருக்க. நான் என்ன டீக்கடையிலயா நிக்கறேன்? அனுப்புநர் எங்க? பெறுநர் எங்க? பொருள் எங்க? 'மதிப்பிற்குரிய ஐயா'னு எழுதிட்டு வா."

"சார், மாமா வெளிய நிக்கறாரு. வேனு கெளம்பிடும் சார்."

"அப்போ சீக்கிரம் எழுது."

எழுதினாள். 'அம்மாவுக்குச் சரியாகும் வரை விடுப்பு வேண்டும்' என்ற வரியில் அவர் பேனா நின்றது.

"சரியாகும் வரையா? காலண்டர்ல அப்படி ஒரு தேதி இருக்கா?"

வகுப்பு சிரித்தது. அம்மா என்றைக்குப் பிழைப்பாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே புதன், வியாழன் இரண்டு நாளுக்கும் தேதி போட்டாள்.

"இப்போ நீளம் ஜாஸ்தி. பாம்பு, கொல்லை, அழுதது, இதெல்லாம் எனக்கு எதுக்கு? 'தாயார் உடல்நலக் குறைவால்'. அவ்ளோதான். இடம், நாள் கீழ இடதுபக்கம். நல்லதா ஒரு காப்பி எடுத்துட்டு வா."

அம்மா தன்னைப் பார்க்க வேண்டும் என்று அழுவதாக எழுதிய வரியைத் தன் கையாலேயே நீக்கிவிட்டு எழுதினாள். இந்த முறை அவருக்கு நிறைந்த திருப்தி. சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் மாமா குந்தியிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். வேன்ல ஏத்திக்கினு பூட்டாங்க, கண்ணு," என்றார். வேலூர் போகிற வழியில், போளூர் தாண்டும்போதே அம்மாவின் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து, கேட்ட நாளைவிடக் கூடுதலாக எடுத்த விடுப்புக்கும் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். சக்கரவர்த்தி படித்தார். முகம் மலர்ந்தது. ஒரு பிழை இல்லை. ஒரு சொல் கூடுதல் இல்லை.

"பாருங்க, எப்படித் தேறிட்டா! இதை அப்படியே போர்டுல எழுதும்மா. எல்லாரும் நோட்டுல எடுத்துக்குங்க."

எழுதினாள். பின்பெஞ்சிலிருந்து எழில் எழுந்து, "சார், தாயார் இறந்துட்டாங்கன்னே எழுதணுமா? காய்ச்சல்னு போடலாமா?" என்று கேட்டாள்.

"இறந்துட்டாங்கன்னே இருக்கட்டும்," என்றார் அவர். "சுருக்கமா இருக்கு."