மீதி நான்கைத் திறக்கலாமா?

ஸ்மார்ட்போன்கள் வருவதற்கு முன்பெல்லாம் ஒரு படம் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரமெடுக்கும். படம் முதலில் எங்கள் கைப்பேசிச் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு வரும். அங்கிருந்து, யாருக்கு அனுப்பப்பட்டதோ அவருக்கு ஒரு சின்ன அறிவிப்பு போகும்: உங்களுக்குப் படம் வந்திருக்கிறது, இறக்கிக்கொள்கிறீர்களா? அவர் சரி என்று அழுத்தினால் அவருடைய கைப்பேசி எங்களிடம் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போகும். மூன்று நாள் வரை வைத்திருப்போம். அதற்குப் பிறகு அழிந்துவிடும்.

நான் அந்த நிறுவனத்தில் புகார் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். இயற்பியல் படித்துவிட்டு வந்தவளுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் தொலைபேசியில் பேசத் தேவையில்லாத பிரிவு அது ஒன்றுதான். அலுவலகத்தில் என்னை ‘சைலண்ட்’ என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த மின்னஞ்சல் வந்தது.

“மதிப்பிற்குரியவர்களுக்கு, புதுக் கைப்பேசி வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு வரும் படச் செய்திகள் எல்லாம் வெறும் வெள்ளையாகத் திறக்கின்றன. என் அண்ணன் மகன் சைக்கிள் ஓட்டுகிறான் என்றார்கள், வெள்ளை. அண்ணி தலைமுடி வெட்டிக்கொண்டாள் என்றார்கள், அதுவும் வெள்ளை. இதற்கெல்லாம் நான் புகார் எழுதியிருக்க மாட்டேன். நேற்று மாலை என் அண்ணன் ஒன்பது படங்கள் அனுப்பினான். இரண்டைத் திறந்தேன். வெள்ளை. மீதி ஏழு இன்னும் இறக்காமல் இருக்கின்றன. எங்கள் அப்பா பஸ் ஓட்டியவர். வீட்டு அலமாரிக் கதவுகளின் உள்பக்கத்தில் பென்சிலால் குறிப்பு எழுதுவார். முப்பது வருடக் குறிப்புகள். வீட்டை விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் இன்று காலை பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணனின் கைப்பேசியில் நான்கு படத்துக்கு மேல் இடமில்லை. ‘அனுப்பப்பட்டது’ என்று வந்ததும் அவன் ஒவ்வொன்றாக அழித்துவிட்டான். கதவுகளும் இல்லை, படங்களும் இல்லை. உங்களிடம் இருப்பவைதான் இருக்கின்றன. தயவுசெய்து பாருங்கள்.”

நான் அதை முழுக்கப் படித்தேன். படித்தேன் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அன்று காலை எனக்கு முன்னால் அறுபத்து நான்கு மின்னஞ்சல்கள் இருந்தன. படச் செய்தி என்று கண்ணில் பட்டதும் கை தானாகவே தயார்ப் பதில் எண் நான்கை எடுத்தது. ‘கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கவும். இறக்கப்படாத செய்திகளைத் திறந்து மறுபடி முயற்சிக்கவும்.’ அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய பதில் மேலே இருந்தது.

“நீங்கள் சொன்னபடி அணைத்துப் போட்டேன். மூன்றைத் திறந்தேன். மூன்றும் வெள்ளை. பயமாக இருக்கிறது. மீதி நான்கைத் திறக்கலாமா?”

வேறு யாராக இருந்தாலும் ஏழையும் திறந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் அவருடைய முதல் மின்னஞ்சலை மறுபடி படித்து, இரண்டையும் அச்செடுத்தேன். எழுந்து மூன்றாவது மாடிக்குப் போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரை எல்லோரும் ‘டவர் அண்ணன்’ என்பார்கள். ஆறடி மூன்றங்குலம். அந்த அறை எப்போதும் குளிரும். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருந்தார்.

“அடடே, சைலண்ட் மாடி ஏறி வந்திருக்கு! என்னம்மா, பில்டிங்ல தீப்பிடிச்சிடுச்சா?”

நான் காகிதத்தை நீட்டினேன். படித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நம்பரைத் தட்டினார். திரையில் ஒன்பது வரிகள் வந்தன.

“படத்தைப் பாக்க முடியுமாண்ணா?”

“அது நம்ம வேலை இல்லம்மா. யார் அனுப்பினது, எப்போ, எவ்வளவு எடை, அதுதான் தெரியும். இங்க பாரு.” விரலால் தொட்டுக் காட்டினார். “உள்ள வரும்போது எண்பத்தேழு கிலோபைட். வெளிய போகும்போது ஒண்ணு.”

“ஒண்ணா?”

“ஆமா. இலையைப் போட்டு சாப்பாடு போடாம அனுப்பியிருக்கோம். படம் அவங்க போன்ல காணாமப் போகல. நம்ம வீட்டுலதான் காணாமப் போயிருக்கு.”

கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு கைப்பேசியும் படத்தை எடுக்க வரும்போது தன் மாடல் பெயரைச் சொல்லும். எங்கள் பட்டியலில் அந்த மாடலுக்கு எவ்வளவு பெரிய படம் காட்ட முடியும் என்று எழுதியிருக்கும். அதற்கு ஏற்றபடி சர்வர் படத்தைச் சுருக்கிக் கொடுக்கும். அவருடைய மாடல் புதிது. யாரோ அந்த வரியைப் பாதியில் விட்டிருந்தார்கள். ‘படம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. இந்தக் கைப்பேசியால் படம் காட்ட முடியாது என்று நினைத்துக்கொண்டு, படத்தை எடுத்துவிட்டு வெறும் பக்கத்தை மட்டும் கொடுத்திருக்கிறது சர்வர்.

“அப்போ அந்த அஞ்சு?”

“எடுத்துட்டுப் போனதும் அவங்க போன் ‘வந்துடுச்சு’ன்னு பதில் சொல்லும். சொன்ன உடனே இங்கேருந்து அழிஞ்சிடும். அஞ்சும் போச்சு.” அவர் என்னைப் பார்த்தார். “திறக்கச் சொன்ன மகராசி யாரு?”

நான் மேசையில் இருந்த காகிதத்தை எடுத்து மடித்தேன். அவர் மேலே கேட்கவில்லை.

“பட்டியலைத் திருத்திடுங்கண்ணா.”

“நான் கை வைக்க முடியாது. மேல அனுமதி வரணும். திங்கக்கிழமை ஆகும்.”

“நாளைக்குச் சாயங்காலம் மூணு நாள் முடிஞ்சிடும்.”

அவர் தாடையைத் தேய்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாடல் பெயர். எடுக்க வரும்போது சொல்லும் பெயர்.

“அண்ணா, படத்தைச் சுருக்கறது எப்போ? படம் உள்ள வரும்போதா, எடுக்க வரும்போதா?”

“எடுக்க வரும்போதுதான். அதுக்கு முன்னாடி எந்த போன்னு தெரியா…” பாதியில் நிறுத்தினார். நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். அவர் நேராக உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். “பழைய போன்! பழைய போன்ல சிம்மைப் போட்டு எடுக்கச் சொல்லு. அந்த மாடல் பேர் பட்டியல்ல சரியா இருந்தா முழுப் படமும் போகும். நான் இங்கேருந்து அறிவிப்பை மறுபடி தள்ளிவிடறேன்.”

“மெயில் போட்டுடறேன்.”

“மெயிலா? அவங்க அதைப் பாக்கறதுக்குள்ள மிச்சத்தையும் திறந்துட்டா? போன் பண்ணும்மா.” மேசையில் இருந்த தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். “கடிக்காது.”

மின்னஞ்சல் எழுதிய பெண்மணி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார். நம்பர் மின்னஞ்சலின் அடியில் இருந்தது. மூன்றாவது மணியில் அவரே எடுத்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“மேடம், திறக்காதீங்க. தயவுசெஞ்சு அந்த நாலையும் திறக்காதீங்க.”

“யாருங்க?”

சொன்னேன். பழைய கைப்பேசி இருக்கிறதா என்று கேட்டேன்.

“பீரோ மேல கிடக்கு. பேட்டரி உப்பிப் போய், மூடி மூடாது. ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன். பரவாயில்லையா?”

டவர் அண்ணன் மாடல் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினார். கட்டை விரலை உயர்த்தினார். உப்பிய பேட்டரி ஆபத்து என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அதே மாடல் பேட்டரி பக்கத்துக் கடையில் கிடைக்கும், வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றார் அவர். முன்பு அதில்தான் படங்களை வாங்கினாராம். அதனால் படச் செய்திக்கான அமைப்புகள் அதில் அப்படியே இருக்கும்.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போய், அங்கே இருந்த தரைவழித் தொலைபேசியிலிருந்து அவரே கூப்பிட்டார். அப்போது மணி ஒன்று பத்து.

“சிம் போட்டாச்சு. சிக்னல் மூணு கோடு.”

டவர் அண்ணன் ஒரு விசையைத் தட்டினார். மறுமுனையில் ஒரு மணியோசை கேட்டது. பழைய கைப்பேசிகளின் கூர்மையான ஓசை.

“வந்திருக்கு. அழுத்தவா?”

“அழுத்துங்க.”

ஒரு படம் இறங்க ஒரு நிமிடமாவது ஆகும். அவர் மூச்சுவிடுவது கேட்டது. அவர் வீட்டில் ஏதோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ,” என்றார்.

“மேடம்? வெள்ளையா?”

“இல்லம்மா. சமையலறைக் கதவு. ‘குக்கருக்குப் புது வாஷர். இனி வீட்டில் சத்தம் குறையும். குக்கர் சத்தம் மட்டும்.’ இதைப் படிச்சிட்டு எங்கம்மா ரெண்டு நாள் அப்பாகூடப் பேசல.” சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

இரண்டாவது படத்துக்குக் காத்திருந்தோம். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

“மேடம், நேத்து உங்களுக்கு அந்தப் பதிலை அனுப்பினது நான்தான். திறந்து பாக்கச் சொன்னது. அதனாலதான் அந்த மூணும் போச்சு. திரும்பி வராது. முதல்ல திறந்த ரெண்டும் வராது.”

குழாய் சொட்டியது. நான் தொலைபேசிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“நான் அவ்வளவு எழுதியிருந்தேனே,” என்றார் மெதுவாக. “படிக்கலையா நீங்க?”

“படிச்சேன். ஆனா சரியாப் படிக்கல.”

“எனக்குக் கோவமாத்தான் இருக்கு. இப்போ சரின்னு சொல்ல வரல.” பழைய கைப்பேசி மணியடித்தது. “ஆனா போனை வெச்சுடாதீங்க. ரெண்டாவது வந்துடுச்சு.”

இரண்டாவதில் கேஸ் மாற்றிய தேதிகள் மட்டும், வரிசையாக. அதையும் முழுக்கப் படித்தார். பதினொரு தேதிகள். மூன்றாவதில் பாதியை அவர் அண்ணனின் கட்டை விரல் மறைத்திருந்தது.

“தடிமாடு! முப்பது வருஷத்தை விரலால மூடி வெச்சிருக்கான் பாருங்க. இந்தப் பக்கம் தெரியுது, இருங்க. ‘சின்னவள் பல் விழுந்தது. அவளே பிடுங்கினாள். அழவில்லை. நான்தான்…’ அப்புறம் விரல்.” மூக்கை உறிஞ்சினார். “போன அஞ்சுல என்ன இருந்துச்சுன்னு அவனைத்தான் கேக்கணும். எல்லாத்தையும் தப்புத் தப்பாச் சொல்லுவான். நான் திருத்துவேன். ராத்திரியெல்லாம் சண்டைதான்.”

டவர் அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினார். நான்கு வரிகளில் மூன்று போயிருந்தன. ஒன்று இருந்தது. நூற்றிரண்டு கிலோபைட்.

“இதுதான் கடைசி, மேடம்.”

“அழுத்திட்டேன்.”

எடை மெல்ல இறங்கிப் போவது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் திரையில் எதுவும் அசையவில்லை. பிறகு அவர் கைப்பேசி ‘வந்துவிட்டது’ என்று எங்கள் சர்வருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான்காவது வரியும் மறைந்தது. பட்டியல் காலியாக இருந்தது. அந்தக் கதவுகளைப் பற்றி எங்களிடம் இனி ஒன்றும் இல்லை.

“படுக்கையறைக் கதவு,” என்றார். “பொடி எழுத்து. முழுக்க நிரப்பியிருக்காரு. உங்களுக்கு நேரம் இருக்காம்மா?”

கீழே என் மேசையில் அன்றைக்கு எழுபதுக்கு மேல் இருந்திருக்கும்.

“இருக்கு மேடம்,” என்றேன். “முதல் வரியிலேருந்து படிங்க.”

டவர் அண்ணன் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன்.