நூறு வரை கூட்டியது

கணிதத் துறையின் கணக்கீட்டு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பேராசிரியைக்கு ஓய்வு பெற இன்னும் பத்து நாள்தான். அலமாரியின் அடித்தட்டில் கைப்பிடி சுற்றிக் கணக்குப் போடும் பழைய மெஷின் மரப்பெட்டியோடு கிடந்தது. பெட்டிக்குள் அடியில் விரித்திருந்த துணியைத் தூக்கினாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தானே ஒளித்து வைத்த நோட்டு அங்கேயே இருந்தது.

அந்த மெஷினைப் பார்த்ததும் மனசு பழைய காலத்துக்கு ஓடியது. அப்போது அவளும் அவள் தோழியும் மாணவிகள், ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. பேராசிரியை கைப்பிடியைச் சுற்றுவாள். வகுத்தல் எல்லை மீறினால் மெஷின் மணி அடிக்கும், இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தோழி எழுதிக் கூட்டுவாள். ஒரு இலக்கத்தையும் விடமாட்டாள், அதனால் அவளுக்குத் ‘தசமம்’ என்றே பெயர். என்ன சந்தோஷமான நாட்கள்!

செய்முறைத் தேர்வில் அவர்களுக்கு வந்த கணக்கு இதுதான்: ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று நூறில் ஒன்று வரை கூட்ட வேண்டும், நூறின் இயல் மடக்கையைக் கழிக்க வேண்டும். தசமத்தின் கூட்டுத்தொகை 5.187378. மடக்கை 4.605170. மிச்சம் 0.5822. புத்தகத்திலோ இப்படிக் கழித்தால் கிடைக்கும் மாறிலி 0.5772 என்று போட்டிருந்தது.

தசமம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பேராசிரியை இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கோ தப்பு, மறுபடி கூட்ட நேரமில்லை. சுத்தப் பிரதியில் கூட்டுத்தொகையை 5.182387 என்று எழுதினாள். விடை புத்தகத்தோடு அச்சாகப் பொருந்தியது. தசமம் கூட்டிய ரஃப் நோட்டை மெஷின் பெட்டியில் துணிக்கடியில் தள்ளினாள்.

தேர்வாளர் சும்மா இருக்கவில்லை, மறுபடி கூட்டிப் பார்த்தார்; கூட்டுத்தொகை பொருந்தவில்லை. “கூட்டினது யாரு?” என்றார்.

“நான்தான் சார்” என்றாள் தசமம்.

“கூட்டலே தெரியாதவங்க கணக்குப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

பேராசிரியை வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றாள். தசமம் அந்த வருஷமே கணக்கை விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் வகுப்பில், தசமம் கூட்டியதுதான் சரி என்று பேராசிரியைக்குத் தெரிந்தது. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு இல்லை.

இன்று நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனாள். தசமம் அங்கேதான் புத்தக அட்டவணை எழுதுகிறாள். ஜன்னலோரம், மூக்கு நுனியில் கண்ணாடி.

“அடியே, வழி தெரிஞ்சுதா? உட்காரு” என்றாள். “எத்தனை புத்தகம் வந்திருக்குன்னு கூட்டணும், உதவிக்கு இருக்கற பொண்ணு வரட்டும்னு இருக்கேன். கூட்டல் நமக்கு ஆகாதுன்னுதான் உனக்கே தெரியுமே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பேராசிரியை கைப்பையைத் திறந்தாள். நோட்டை எடுத்து விரித்தாள்.

“இது யார் கையெழுத்துன்னு பாரு.”

தசமம் பார்த்தாள். “என்னோடது. 5.187378… இதைத்தானே அன்னிக்குத் தப்புன்னாங்க?”

“இல்லடி. இதுதான் சரி. தப்பா மாத்தி எழுதினது நான்.”

பேராசிரியை காகிதத்தில் கோடு போட்டாள்.

“ஒவ்வொரு எண் கூடும்போதும் கூட்டுத்தொகை ஏறுறதைவிட மடக்கை ஒரு துளி அதிகமா ஏறும். அதனால வித்தியாசம் குறைஞ்சுகிட்டே வரும், ஆனா பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. குறையவும் வேணும், கீழே போகவும் கூடாதுன்னா எங்கயாவது நின்னுதானே ஆகணும்? பத்துல 0.626. நூறுல உன்னோட 0.5822. ஆயிரத்துல 0.5777. போகப் போகத்தான் 0.5772-ஐ நெருங்கும். நூறுல நிறுத்தினா, இருநூறுல ஒரு பங்கு கூடுதலாத்தான் இருக்கும்.”

“இருநூறுல ஒண்ணுன்னா 0.005.” தசமத்தின் பென்சில் தானாகவே ஓடியது. “0.5822-ல இதைக் கழிச்சா… 0.5772.”

பென்சில் நின்றது.

“எப்போ தெரிஞ்சுது உனக்கு?”

“அடுத்த வருஷமே.”

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டும் சத்தம் கேட்டது. தசமத்தின் கண் நிறைந்துவிட்டது. “பால்காரன் சீட்டைக்கூட நான் கூட்டினதில்லடி” என்றாள். “மளிகைக் கடையில நாலு தடவை கேட்பேன். சிரிப்பாங்க.”

“மன்னிச்சுக்கோன்னு கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.”

“கேட்காதே. இப்போ என்னால முடியாது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள் தசமம். ஒரு புது வெள்ளைத் தாளை எடுத்து, பென்சிலைச் சீவினாள். புத்தகக் கட்டுகளைக் காட்டினாள்.

“அதுல எத்தனை, இதுல எத்தனைன்னு எண்ணிச் சொல்லு. நான் கூட்டறேன்.”

பேராசிரியை எழுந்தாள்.

“எழுதினதுல மட்டும் கை வைக்காதே” என்றாள் தசமம்.