பின்னால் நின்ற பச்சை

தர்சிகாவின் கலியாணத்தில் எடுத்த எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் நிரோஜா இருந்தது ஒன்றே ஒன்றில்தான். அதிலும் முகம் கிடையாது. மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால், கமரா மங்கலாக்கிவிட்ட தோட்டத்தில், அவளுடைய சேலை ஒரு பச்சைத் திட்டாகத் தெரிந்தது. மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவளுக்கு வாய்த்த இடத்தைப் பாருங்கள்! அன்று லண்டன் சொந்தங்கள் மணப்பெண்ணை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்து முடியட்டும், ஒரு வார்த்தை கதைத்துவிட்டுப் போவோம் என்று நிரோஜா மரத்தடியில் காத்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமானதும் போய்விட்டாள்.

அந்தப் படங்களைத் திருத்துகிறவளும் அவள்தான். கொக்குவில் வீட்டு அறையில் தனியே இருந்து எமில்ராஜின் ஸ்டூடியோவுக்குச் செய்கிற வேலை அது. அவர் போன் எடுத்தார்.

"கலியாணப் பொம்பிளைக்கு உந்தப் படம்தான் அல்பத்தின்ரை முகப்புக்கு வேணுமாம். பின்னாலை நிக்கிற பச்சையை மட்டும் எடுத்துவிடு பிள்ளை."

அது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பச்சையைச் சுற்றிக் கோடு போட்டு, நிரப்பு என்று கணினிக்குச் சொன்னாள். அது மணப்பெண்ணின் முழங்கைக்கருகே பளிச்சென்றிருந்த குரோட்டன் இலைகளை அள்ளி ஓட்டையில் ஒட்டியது. சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் படம் திரும்பி வந்தது. சுற்றிவர எல்லாம் மங்கிக் கிடக்க, நடுவில் மட்டும் இலை நரம்பு தெரிந்தால் யார் கண்ணையும் குத்தாதா? ஆரையோ வெட்டின மாதிரிக் கிடக்கு என்று பொம்பிளை சொன்னாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனால் வேறென்ன நடக்கும்.

இந்தமுறை பொறுமையாக இருந்து செய்தாள். மணப்பெண்ணின் தோளிலும் கூந்தலிலும் கைபடாதபடி முதலில் மறைப்புப் போட்டாள். பக்கத்தில் அதே அளவு மங்கியிருந்த பகுதியிலிருந்து மட்டும் நிறம் எடுத்துப் புதிய அடுக்கில் பரப்பினாள். லென்ஸ் மங்கலாக்கும் அளவுக்கே அதையும் மங்கலாக்கினாள். பின்னால் தொங்கிய பல்புகள் வட்ட வட்டமாக விரிந்திருந்தன. அவளுடைய தலை மறைத்திருந்த வட்டத்தை, அதே பருமனில் அருகிலிருந்த இன்னொன்றைப் பார்த்து முழுசாக்கினாள். மழமழவென்று இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கடைசியாகப் படம் முழுக்க இருந்தது போன்ற பொடிப்புள்ளிகளையும் அங்கே தூவினாள். தன்னைத் தானே இவ்வளவு சுத்தமாகத் துடைக்க ஒருத்திக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

பின்னேரம் தர்சிகாவே போன் எடுத்தாள்.

"நீயோடி உந்தப் படத்தைத் திருத்தினனி? எமில்ராஜ் அண்ணை இப்பதான் சொன்னவர். ஒரு ஆள் நிண்ட அடையாளமே இல்லை."

நிரோஜா ஓம் என்றாள்.

"எல்லாப் படத்திலையும் உன்னைத் தேடினனான். ஏனடி வரேல்லை?"

வந்தேன் என்றால் எங்கே நின்றாய் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது?

"வேலை கிடந்தது," என்றாள் நிரோஜா.

"நீ வருவாய் எண்டு கடைசிமட்டும் வாசலையே பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள் தர்சிகா.