யோசித்து முடிவெடுத்தவர்

வெளியுறவு அமைச்சகத்தில் பக்கத்து நாட்டுப் பிரிவை நடத்தியவளை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு மூத்த அதிகாரிகளும் அப்படித்தான். கடலுக்கு அப்பால் இருக்கும் அந்த நாடு என்ன நினைக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது அவள் வேலை. எழுத வசதியாக அந்த நாட்டை ஒரே ஆளாக வைத்துக்கொண்டாள். லாபநட்டம் பார்ப்பவர், அவசரப்படாதவர், சாம்பல் நிறக் கோட்டு போட்டவர். வருடக்கணக்காக எழுதினாளா, அந்த ஆளும் ஒரு நாள் அவள் அறைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொந்தரவில்லாத மனிதர். டீகூடக் கேட்கமாட்டார். அவளும் கண்டுகொள்ளவில்லை, அமைச்சகத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தானா என்ன?

அந்த வாரம் அந்த நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடல் பாறையருகே நங்கூரம் பாய்ச்சியது. பாறைமேல் நம் கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்பவர் அக்காவின் சொந்த அண்ணன்.

காலையில் அங்குள்ள நம் தூதரகத்திலிருந்து போன் வந்தது. அந்த ஊர்க் கடற்படைக்கும் துறைமுகத் துறைக்கும் சண்டையாம். துறைமுகத்தில் இடம் தரவில்லையாம். கப்பல் போக்கிடமில்லாமல் பாறையின் மறைவில் ஒதுங்கியதாம். அதாவது, அதை அங்கே அனுப்பியது யாருமேயில்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

மதியம் அமைச்சர் அறையில் கூட்டம். கடற்படைத் தளபதி கப்பல்களை அனுப்பச் சொன்னார். அவருடைய பழைய கப்பல்களை உடைத்து விற்க நிதித்துறை அப்போதுதான் கோப்பை நகர்த்தியிருந்தது. நிதிச் செயலாளர் ஒரே ஒரு கப்பல் போதும் என்றார், குண்டுகளுக்குச் செலவில்லாமல். வெளியுறவுச் செயலாளருக்குத் தன் துறை விட்டுப்போகக் கூடாது. கப்பலில் ஒரு தூதர் கண்டனக் கடிதத்தோடு போகட்டும் என்றார். ஆளுக்கு ஒரு துண்டு போட்டுத் தைத்த சட்டை தயாரானது: குண்டில்லாத கிழட்டுக் கப்பல், அதன் பீரங்கி அவர்களை நோக்கி, உள்ளே மரியாதையான கடிதம்.

"பிரமாதம்!" என்றார் அமைச்சர். "நாம எல்லாரும் ஒரே மனசுதானே?"

தலைகள் ஆடின. அக்கா வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்த அமைச்சரின் உதவியாளர் குனிந்து, "அக்கா, அய்யா முடிவு பண்ணிட்டாரு. இப்ப போய்க் கலைச்சு விடாதீங்க. எல்லாரும் ஒத்துப் போறப்ப நீங்க மட்டும் என்னத்துக்கு?" என்று கிசுகிசுத்தார்.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அமைச்சர் கேட்டார்.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. தூதரகச் செய்தி நாக்கு நுனிவரை வந்தது. "இல்லீங்கய்யா."

நடைவழியில் தளபதி அவளை ஓரங்கட்டினார். "எனக்கே இது சரியாப் படலம்மா. நீங்க தடுப்பீங்கன்னு பாத்தேன்." படிக்கட்டில் நிதிச் செயலாளர் முணுமுணுத்தார்: "பைத்தியக்காரத்தனம்! ஆனா எல்லாரும் சம்மதிச்சாங்களே." வெளியுறவுச் செயலாளர் லிஃப்டுக்குள் நின்று அதையேதான் சொன்னார்.

அக்கா திரும்ப ஓடினாள். கூட்ட அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். அமைச்சரின் நாற்காலியில் யாரோ இருந்தார். தளபதியின் தோள், நிதிச் செயலாளரின் ஒல்லி விரல்கள், அமைச்சரின் சிரிப்பு. புத்தம்புது ஆள், அன்று மதியம்தான் பிறந்திருக்க வேண்டும்.

"எல்லாம் யோசிச்சாச்சு. கப்பல் போகும்," என்றார்.

"அங்க எங்க அண்ணன் இருக்காரு. அவங்க கப்பல் சும்மா ஒதுங்கி நிக்குதுங்க!"

அவர் அன்பாகச் சிரித்துக்கொண்டேயிருந்தார். அக்கா உற்றுப் பார்த்தாள். அவருக்குக் காது இல்லை. எந்தத் துறையும் அதைத் தரவில்லை.

அமைச்சர் வெளியூர் கிளம்பிவிட்டார். உதவியாளர் போனை எடுக்கவில்லை. மறுநாள் கிழட்டுக் கப்பல் புறப்பட்டது. அது பாறையை நெருங்குவதற்குள் அக்கா தன் அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் அண்ணனைப் பிடித்தாள்.

"படகை எடுத்துக்கிட்டு உடனே கரைக்கு வந்துருண்ணே!"

"விளக்கை யார்றீ பாத்துப்பாங்க, ஒங்க வீட்டுக்காரரா? உத்தரவு வேணும் பாப்பா."

"நான் சொல்றேன், வா."

"நீ வெளியுறவு. நான் துறைமுகம்." அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நம்ம கப்பல் பீரங்கியத் திருப்பி வச்சுக்கிட்டு வருது. அதப் பாத்துட்டு அவங்களும் திருப்புறாங்க. பாப்பா, ரெண்டு பக்கமும் யாரோ பெரிய மூளைக்காரங்க நல்லாக் கணக்குப் போட்டுத்தான் செய்றாங்க போல. அப்படி யாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"யாருமில்லண்ணே," என்றாள் அக்கா. "அங்க யாருமே இல்ல."

வயர்லெஸ் இரைந்தது. அண்ணன் ஏதோ கேட்டார். பாதிக் கேள்வியோடு குரல் நின்றது. அவள் பேச்சுப் பொத்தானை அழுத்தியபடியே, அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அறையின் எதிர் நாற்காலியில் இப்போது சாம்பல் நிறக் கோட்டுக்காரரும் காது இல்லாதவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, அமைதியாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.