எட்டு லட்சத்துப் பத்தாயிரம்

அவன் கதவைத் திறந்ததும் மாமா உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. கையில் ஒரு தாள்.

"எவ்வளவு வாங்கின?"

"என்னது மாமா?"

"படிப்புக் கடன். எவ்வளவு வாங்கின?"

"ஆறு லட்சம். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

"நான் போட்டது ஆறுக்கு. இதுல எட்டே சொச்சம் இருக்கு. மிச்சத்துக்கு யார் போட்டா?"

அக்காவின் வீட்டுக்காரர் அவர். அச்சகத்தில் மேற்பார்வையாளர். இந்த மாதக் கடைசிக்குள் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில் அவர் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். மச்சினனின் கடனும் அவர் தலையில் நின்றது. இணைக் கடனாளி. மாதா மாதம் அதற்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் போனால் உங்களுக்கு வீட்டுக் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தாளை வாங்கிப் பார்த்தான். நிலுவை: எட்டு லட்சத்துப் பத்தாயிரம். அவனுக்கும் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி முதல் தவணை என்பது மட்டும் தெரியும்.

"எனக்குத் தெரியாம நான் எப்படி மாமா வாங்குவேன்?"

"அதான் நானும் கேக்கறேன். ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டற என்ஜினியரு, எங்க வீட்டுக்கு மட்டும் குழி தோண்டறியா?"

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

அதுதான் உறுத்தியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவள் இல்லை.

வங்கிக்குப் பைக்கில் போனார்கள். மாமா ஓட்டினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார். பின்னால் உட்கார்ந்தவன் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டான்.

கடன் பிரிவில் ஓர் அம்மாள் இருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில். கணினியில் கணக்கைத் திறந்தார்.

"ஆறு லட்சம்தான் கொடுத்திருக்கு. வருஷத்துக்கு ஒன்றரை. நாலு தடவை, நேரா காலேஜுக்கு."

"அப்ப எட்டு?" மாமா உட்காரவில்லை. சாவிக்கொத்தை மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வட்டி சார்."

"படிக்கிற வரைக்கும் கட்ட வேண்டாம்னு சொன்னீங்க. படிச்சு முடிச்சும் ஒரு வருஷம் வேண்டாம்னீங்க."

"கட்ட வேண்டாம்னுதான் சொன்னோம். வட்டி ஓடாதுன்னு சொல்லலியே."

சாவிக்கொத்து நின்றது.

அவர் திரையைத் திருப்பினார். பத்து சதவீதம், தனி வட்டி. முதல் ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வருஷம் ஓடியிருந்தது. அடுத்ததற்கு நாலு. பிறகு மூன்று, இரண்டு. கூட்டினால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.

"மாசா மாசம் மெசேஜ் போயிருக்குமே தம்பி."

போயிருந்தது. 'வட்டி பற்று வைக்கப்பட்டது' என்று. கட்டு என்று எதிலும் இல்லை. அதனால் ஒன்றையும் அவன் முழுசாகப் படிக்கவில்லை.

"அப்பவே கட்டியிருக்கலாமா?" என்றார் மாமா.

"தாராளமா. முதல் வருஷம் மாசம் ஆயிரத்து இருநூத்தம்பதுதான் வந்திருக்கும். அப்புறம் வருஷா வருஷம் அதே அளவு ஏறும்."

"ஆயிரத்து இருநூத்தம்பது," என்றார் மாமா. "என் பெட்ரோல் காசு." பிறகு உட்கார்ந்தார்.

"இப்ப என்ன ஆகும்?" அவன் கேட்டான்.

"தவணை தொடங்கினதும் இந்த வட்டி அசலோட சேர்ந்துடும். எட்டு லட்சத்துப் பத்தாயிரம்தான் அசல். அதுக்கு மேல புது வட்டி. பத்து வருஷத்துக்குப் போட்டா மாசம் பத்தாயிரத்து எழுநூறு."

மாமா தரையைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பத்தைக் கட்டிட்டா ஆறுக்குத்தான் தவணை. எட்டாயிரத்துக்குள்ள வந்துடும்."

இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் மாமாவிடம் இருந்தது. வீட்டுக்கான முன்பணம். அதை எடுத்தால் வீடு இல்லை. அவனிடம் மூன்று மாதச் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சியது ஒரு ஹெல்மெட்.

"வேற வழி இருக்கா?"

"காலத்தை நீட்டிக்கலாம். பதினஞ்சு வருஷம். மாசம் எட்டாயிரத்து எழுநூறு. மொத்தமாப் பார்த்தா ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கிட்ட கூடுதலாப் போகும். கையில காசு வரும்போது முன்கூட்டியே கட்டிக்கலாம், அதுக்கு அபராதம் கிடையாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

எட்டாயிரத்து எழுநூறு. ஒன்பதாயிரத்துக்குக் கீழே.

மாமா சட்டென்று நிமிர்ந்தார். அவனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஏ.சி.யைப் பார்த்தார். கேட்க வாய் வரவில்லை என்பது தெரிந்தது. காலையில் திருடன் என்று சொல்லாமல் சொன்ன அதே வாய்.

அவன் கணக்குப் போட்டான். இருபத்துமூன்று வயதில் தொடங்கினால் முடியும்போது முப்பத்தெட்டு. கட்ட வேண்டியது அவன். வீடு அவர்களுக்கு. ஆனால் அன்று இவர் கையெழுத்துப் போடாவிட்டால் காலேஜும் இல்லை, வேலையும் இல்லை.

"கொடுங்க மேடம்," என்றான்.

தாள்கள் வந்தன. மாமா முதலில் போட்டார். மூன்று இடத்திலும் வேகமாக, யாரோ பிடுங்கிவிடப் போகிறார்கள் என்பதுபோல. பேனாவை அவனிடம் தள்ளினார்.

அப்போது அவர் போன் அடித்தது. அக்கா.

"ஆங். பேங்க்லதான். கிடைச்சிடும் போல. பதினஞ்சு வருஷம் ஆக்கறோம். ஆமா." கொஞ்ச நேரம் கேட்டார். "அது... அது வேற ஒண்ணுமில்ல. இரு, உன் தம்பியே சொல்வான்."

போனை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"நீங்க சொல்லுங்க மாமா. காலைல சொன்னது நீங்கதானே."

"உங்க அக்காதான்பா. பேசு."

"என் கையில பேனா இருக்கு."

அந்த அம்மாள் திரையைப் பார்ப்பதுபோல் இருந்தார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள்.

மாமா போனைக் காதில் வைத்தார். எழுந்தார். ஒரு நடை நடந்து திரும்பி வந்தார்.

"அவன் ஆறுதான் வாங்கியிருக்கான்," என்றார். "மிச்சம் வட்டி. படிக்கும்போதே ஓடியிருக்கு. எனக்கும் தெரியல. நான்தான்... ம். நான்தான் அவசரப்பட்டேன்."

மறுமுனையில் அக்காவின் குரல் இப்போது அவனுக்கே கேட்டது.

"எங்க அம்மாகிட்டயும் அப்படித்தானே சொன்னீங்க. அவங்க காலைலேருந்து சாப்பிடல."

அவன் மாமாவைப் பார்த்தான்.

"அம்மாகிட்டயுமா?"

"ஒரு வார்த்தைதான் சொன்னேன்."

"கூப்பிடுங்க."

"இங்கேயேவா? வெளியில போய்ப் பேசறேனே."

"இங்கேயே. ஸ்பீக்கர்ல போடுங்க."

மாமா அந்த அம்மாளைப் பார்த்தார். "பேசுங்க சார், பரவாயில்ல," என்றார் அவர். "எனக்கு இன்னும் ஒரு பிரிண்ட் எடுக்கணும்." எழுந்து போனார்.

மணி அடித்தது. அம்மா எடுத்தாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அத்தே, நான்தான் பேசறேன். சாப்பிட்டீங்களா?"

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வட்டி ஓடிய கதையை முதல் வருஷத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். இரண்டாம் வருஷத்துக்கு வரும்போது அவன் முதல் கையெழுத்தைப் போட்டான்.