ஆறாம் நம்பர் சிஸ்டத்தில் பெரிய எழுத்து

திட்டக்குடியிலிருந்து கடலூருக்கு மாற்றலாகி வந்த மணவாளன், மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு தேடி ஜெயராணியின் நெட் சென்டருக்கு வந்தார். காலை கரண்ட் போவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் அவருக்கு. அந்த வருஷம் ஊருக்கே அந்த அவசரம்தான். ஜெயராணி அவரை மூலையில் இருந்த ஆறாம் நம்பர் தடுப்பில் உட்காரவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு மேலே அவர் தலை எழும்பியது.

"மேடம், இந்த ஒரு சைட் மட்டும் பூதம் மாதிரி வருது. மெயில் ஒழுங்கா இருக்கு, பேப்பர் ஒழுங்கா இருக்கு. இத மூடிட்டுத் தெறந்தேன், சிஸ்டத்தையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அப்பவும் அதே மாதிரிதான் நிக்குது."

ஜெயராணி போய்ப் பார்த்தாள். வீடு, கடை, நிலம் வாங்க விற்க விளம்பரம் போடுகிற சைட். திரை முழுக்கத் தலைப்பில் பாதியும் ஒரு தேடும் கட்டமும்தான் தெரிந்தன. மீதியைப் பார்க்க வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போகவேண்டும்.

"ஒண்ணுமில்ல சார். இந்த ப்ரவுசர், எந்த சைட்ட எந்த சைஸ்ல வச்சாங்களோ அத தனித்தனியா ஞாபகம் வச்சிக்கும். உங்களுக்கு முன்னாடி யாரோ இத மட்டும் பெருசாக்கிட்டுப் போயிருக்காங்க." கன்ட்ரோலை அழுத்தியபடி ஜீரோவைத் தட்டினாள். பக்கம் பழைய அளவுக்குச் சுருங்கி ஒழுங்காக உட்கார்ந்தது.

மணவாளன் மகிழ்ந்து போனார். வீடு மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு போன் நம்பரைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

கவுன்ட்டருக்குத் திரும்பிய ஜெயராணிக்கு வேலை ஓடவில்லை. இந்த அளவுக்கு எழுத்தை ஊதிப் பெருக்குகிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்தன்தான். அவளுடைய அண்ணன் லூர்துசாமி. கிட்டப் பார்வை மங்கி வருஷமாகிறது, கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டதென்று மாமியார் வீட்டில் சொல்லிவிடுவார்களாம், போடமாட்டான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மௌஸ் சக்கரத்தை உருட்டுவான். ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் பூசைக்குப் போய் வந்து கடையில் உட்கார, ஜெயராணி இரண்டாம் பூசைக்குப் போவாள். அதனால் திங்கட்கிழமை கவுன்ட்டர் சிஸ்டத்தைத் திறந்தால் கிரிக்கெட் ஸ்கோரும் ஜெபப் பக்கமும் சுவர் விளம்பரம் மாதிரி நிற்கும். திட்டிக்கொண்டே சரிசெய்வாள்.

ஆனால் அவன் கவுன்ட்டரை விட்டு மூலைத் தடுப்புக்கு ஏன் போனான்?

அவள் ஆறாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள். எந்தெந்தப் பக்கம் பார்த்தான் என்ற தடம் எதுவும் இருக்காது. வாடிக்கையாளர் பாஸ்வேர்டு, மெயில் எதுவும் தங்கக்கூடாதென்று, ப்ரவுசரை மூடினதும் ஹிஸ்டரி தானாக அழிகிற மாதிரி எல்லா சிஸ்டத்திலும் வைத்தவளே அவள்தான். லூர்துசாமிக்கும் அது தெரியும். அந்தத் துடைப்பில் சைட்டுக்குச் சைட்டு வைத்த அளவு போகாது, அதற்குத் தனி டிக் உண்டு, அதை அவள் போட்டிருக்கவில்லை. இது மட்டும் அவனுக்குத் தெரியாது.

தேடும் கட்டத்தில் மஞ்சக்குப்பம் என்று அடித்தாள். நாலைந்து வீடு. இரண்டு மனை. அதற்குக் கீழே ஒரு கடை.

படத்தைத் திறந்தாள். அவளுடைய கடைதான். பச்சைத் தடுப்புகள், மாதா படம், கவுன்ட்டரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அவளேதான். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நெட் சென்டர், விற்பனைக்கு. ஆறு கம்ப்யூட்டர், யூபிஎஸ், பிரின்டர், நாற்காலிகள். தொடர்புக்கு லூர்துசாமியின் செல் நம்பர். நாற்காலிகளுக்கு அடுத்த வரியை அவள் இரண்டாம் முறை படித்தாள். அனுபவமுள்ள லேடி ஸ்டாஃப் வேலையில் தொடர்வார்.

கடை அவன் பேரில்தான் இருக்கிறது. ஆண்பிள்ளை பேரில் இருக்கட்டும் என்று அப்பா செய்துவிட்டுப் போன காரியம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது, "நீ போயிட்டா கடைய யாரு பாத்துக்குவா? பேருக்குத்தான் நானு. இது உன் கடைடி" என்று அம்மா எதிரில் சொல்லி நிறுத்தினவன் இந்த லூர்துசாமிதான். அவளும் நம்பி வேலையை விட்டாள். தானே புயலில் கூரைத்தகடு பறந்து மழை உள்ளே கொட்டினபோது, ஒவ்வொரு கம்ப்யூட்டராக மார்போடு அணைத்துப் பக்கத்துக் கட்டிட மாடிக்குத் தூக்கினவள் அவள். அண்ணன் அப்போது சிதம்பரத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று இருந்தான். இப்போதும் வாரம் தவறாமல் அங்கேதான் போகிறான், அதே மாமியாரைப் பார்க்க.

அழுகை வரவில்லை. விளம்பரத்தை மூடிவிட்டுக் கவுன்ட்டருக்குத் திரும்பினாள்.

மத்தியானம் சிதம்பரம் பஸ்ஸில் லூர்துசாமி வந்து இறங்கினான். கையில் தங்கைக்கென்று ஒரு பொட்டலம் இனிப்பு வேறு.

"அத்தைக்கு உடம்பு எப்பிடிண்ணா இருக்கு?"

"பரவால்ல, தேறிகினு வராங்க."

"ஆறாம் நம்பர்ல விளம்பர சைட் பாத்தியா?"

அவன் பொட்டலத்தைக் கவுன்ட்டரில் வைத்தான். "நான் ஏன் அங்க உக்காரப் போறேன்? எவனாவது கஸ்டமர் பாத்திருப்பான்."

ஜெயராணி கவுன்ட்டர் சிஸ்டத்தில் அந்த விளம்பரத்தைத் திறந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "எனக்கு இங்கிலீஷ் சரியா வெளங்கல. நீ படிச்சிச் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். கண்ணைச் சுருக்கினான். முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனான். எதில் மாட்டிக்கொண்டோம் என்று மனசு கணக்குப் போடுவதற்குள் இடது கை கன்ட்ரோலுக்குப் போய்விட்டது, வலது கை சக்கரத்தை உருட்டியது. தலைப்பில் பாதியும் தேடும் கட்டமும் மட்டும் நிற்கிற வரைக்கும் உருட்டினான். காலையில் ஆறாம் நம்பரில் நின்ற அதே அளவு.

"காலையில இதே சைஸ்லதான் இருந்துச்சு" என்றாள்.

லூர்துசாமி மௌஸை விட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சிதம்பரத்தில் மச்சானோடு சேர்ந்து செல்போன் கடை போடப் போகிறானாம். இனிமேல் எல்லாரும் போனிலேயே பார்த்துக்கொள்வார்களாம், நெட் சென்டருக்கு யார் வரப்போகிறார்கள். சொல்லச் சொல்ல அவனுக்குத் தைரியமும் வந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்குவியா? ஆனா உன்ன நட்டாத்துல வுடலடி. வாங்குறவங்க உன்னயே வேலைக்கி வச்சிக்கணும்னு எழுதியே போட்டிருக்கேன். உனக்கோசரந்தான் அந்த வரி. பாக்கலியா நீ?"

உண்மையாகவே நல்லது செய்துவிட்ட முகத்தோடு கேட்டான். இத்தனை நேரம் மண்டிக் கிடந்த கோபம் அப்போதுதான் அவளுக்குத் தெளிவானது. கடையை விற்கப் பார்த்ததுகூட இல்லை. நாற்காலிக்கு அடுத்த வரியில் அவளையும் விலைக்கு வைத்ததை உதவி என்று நினைக்கிறான். இந்த ஆளிடம் இனிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"பாத்தேன்ணா" என்றாள்.

கல்லா மேஜையிலிருந்து தன் கைப்பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டினாள். இரண்டாம் தடுப்பிலிருந்து ஒரு காலேஜ் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இன்னும் அரமணி நேரம் போட்டுக்கவா?"

"ஓனர் அவரு, அவரக் கேளும்மா" என்றாள் ஜெயராணி, செருப்பை மாட்டிக்கொண்டே.

லூர்துசாமி திரையில் நேரம் ஏற்றுகிற இடத்தைத் தேடினான். எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. "ஜெயா" என்று கூப்பிட்டான். அவள் அதற்குள் கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் இறங்கி சிப்காட் பஸ் நிற்கிற பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.