நல்லம்மாள் சித்தி எடுத்த தரை

கல்யாண வீடியோவை ஞாயிற்றுக்கிழமை மாமனார் பிச்சைமுத்துவுக்குப் போட்டுக் காட்டுவதாக யுகேந்திரன் வாய்விட்டுவிட்டான். கல்யாணத்தன்று அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர். இந்த வீடியோவிலாவது அவரைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

சொந்தக்காரர்கள் வாட்சப்பில் அனுப்பிய கிளிப்புகள் கணினியில் மலையாகக் குவிந்திருந்தன. அவன் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, நேராகப் பாட்டைத் தேடப் போனான். மனைவி ஷர்மினி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தி நடக்குது?"

"தேதிப்படிதானே வெச்சேன்லா."

"அது அவங்க அனுப்புன தேதி. எடுத்த நேரமா? ஒவ்வொன்னா பாத்து பேரு வைங்க. வெட்ட ஆரம்பிச்ச பிறகு பேர மாத்துனா, எடிட்டிங் புரோகிராம் கிளிப்ப காணோம்னு நிக்கும்."

குனோங் ராபாட் ஊரில் இருந்த அவர்கள் வீட்டின் தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. யுகேந்திரன் நலங்கு, தாலி, பந்தி என்று ஃபோல்டர்கள் போட்டு, பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தான். ஆயர் தாவார் ஊரிலிருந்து ஷர்மினியின் சித்தி நல்லம்மாள் அனுப்பியவை மட்டும் அவனைச் சோதித்தன. எல்லாமே தரை. தரை, செருப்பு, சேலைக் கரை. பாவம், சித்தி ஒரு தடவை பட்டனைக் கூடுதலாகத் தட்டிவிட்டார் போல. போனைத் தூக்கும்போதெல்லாம் பதிவு நின்றது, கையைத் தொங்கவிட்டதும் ஓடியது. அவன் ஒட்டுமொத்தமாகக் 'குப்பை'யில் தள்ளினான்.

"சவுண்டு கேட்டீங்களா?"

"தரைக்கு என்னா சவுண்டு?"

"கேக்காம எதையும் தள்ளக் கூடாது."

முனகிக்கொண்டே ஒலியைக் கூட்டினான். இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. அவற்றில் ஒரு ஜோடி மாமனாருடையது.

"என்னா அத்தான்," சித்தியின் குரல். "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசுனா என்னா?"

"பேசுனா அழுதுருவேன்லா. தங்கமான பையன். நம்ம புள்ளைய நல்லா வெச்சுக்குவான். நீ அவன்கிட்ட சொல்லிறாதே, பிறகு என்னைய மதிக்க மாட்டான்."

யுகேந்திரன் அதை இன்னொரு தடவை ஓடவிட்டான். ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணும் கலங்கியிருந்தது.

"இத வீடியோவுல போட்டுருவோமா?"

"ஐயோ வேணாம். அவரு மூஞ்ச எங்க கொண்டுபோய் வெப்பாரு?" என்றவன், கிளிப்புக்கு 'மாமா - போடாதே' என்று பெயர் வைத்தான். பிறகு சத்தமில்லாமல் தன் போனுக்கு ஒரு பிரதி அனுப்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சைமுத்து கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். வரிசை பிசகாமல் தாலியும் பந்தியும் வந்தன.

"பாட்டு சத்தம் ஜாஸ்தி," என்றார்.

"சரிங்க மாமா, கொறச்சிருறேன்."

"நீளமாவும் இருக்கு."

"வெட்டிருறேன் மாமா."

மாமனார் அவனை முறைத்தார். "திட்டுறேன், நீ என்னாத்துக்குடா சிரிக்கிற?"